1224 என்றால் டிசம்பர் அல்ல: பெட்டியில் அச்சிட்ட நாள் எண்ணைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். எங்கள் கிட்டங்கியில் 2025 பிப்ரவரியில் இனிப்பு மக்காச்சோள டின் பெட்டிகள் இரண்டு தடவையாக வந்து இறங்கின. முதல் தடவை வந்த பெட்டிகளின் பக்கவாட்டில் 2874 என்று மை அச்சு. அடுத்து வந்தவற்றில் 1224. அடுக்கிக்கொண்டிருந்த தம்பி, “அண்ணே, இது பன்னிரண்டாம் மாதம், இருபத்து நான்காம் வருடம். புதுச் சரக்கு, பின்னால் போட்டுவிடுகிறேன்” என்றான். 2874 அவனுக்குப் புரியவில்லை. புரியாததைப் பழசு என்று வைத்துக்கொண்டு முன்னால் அடுக்கினான். நானும் தலையாட்டினேன், அதுதான் என் தவறு.

சுவரோரம் போன 1224 பெட்டிகளை 2026 ஜனவரியில்தான் பிரித்தோம். உள்ளே டின்னில் காலாவதி 2026 ஏப்ரல் என்று தெளிவாக இருந்தது. மூன்று மாதம்கூட முழுதாக இல்லாத சரக்கைச் சில்லறைக் கடைக்காரர் எவரும் எடுக்கமாட்டார். பாதி விலைக்குத் தள்ளினோம்.

1224 என்பது மாதமும் வருடமும் அல்ல. முதல் மூன்று இலக்கம் 122, அதாவது ஆண்டின் 122ஆம் நாள். கடைசி 4 என்பது 2024. ஜனவரி 1ஐ 001 என்று தொடங்கி டிசம்பர் 31ஐ 365 அல்லது 366 என்று முடிக்கும் எண்ணிக்கை இது. ஆலைகளுக்கு இது வசதி: மூன்றே இலக்கம், மாதப் பெயர் வேண்டாம், இரண்டு எண்களைக் கழித்தால் இடையில் எத்தனை நாள் என்று உடனே தெரிந்துவிடும். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தர விதியிலும் இதற்கு இடமுண்டு. அங்கே இதே நாளை 2024-122 என்று எழுதுவார்கள். அப்படி முழுதாக அச்சிட்டிருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். ஆலைகள் சுருக்குவதில்தான் குழப்பம் பிறக்கிறது.

வருட இலக்கத்தை எங்கே வைப்பது என்பதில் ஒற்றுமை கிடையாது. சிலர் முன்னால் வைக்கிறார்கள், சிலர் பின்னால். 1224ஐ முன்னால் பிரித்தால் 1, 224: 2021ஆம் ஆண்டின் 224ஆம் நாள், ஆகஸ்ட் 12. பின்னால் பிரித்தால் 122, 4: 2024 மே 1. ஒரே நான்கு இலக்கத்துக்கு இரண்டு நியாயமான வாசிப்பு, அதற்கு மேல் எங்கள் தம்பியின் டிசம்பர். ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. பலரும் செய்வது என்னவென்றால், தங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் பழக்கத்தை எல்லாக் கம்பெனிக்கும் ஏற்றிவிடுவது.

தீர்க்கும் வழி அதே கம்பெனியின் வேறு பெட்டிகளில் இருக்கிறது. நாள் எண் 366ஐத் தாண்டாது. எங்களிடம் இருந்த 2874ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முன்னால் என்றால் 874ஆம் நாள் வரவேண்டும். அப்படி ஒரு நாள் இல்லை. ஆகவே வருடம் பின்னால்: 287ஆம் நாள், 2024. அந்தக் கம்பெனியின் வழக்கம் அதோடு தெளிவாகிவிட்டது, 1224க்கும் அதே விதிதான். புரியாத எண் என்று நாங்கள் ஒதுக்கிய பெட்டியே திறவுகோலாக இருந்தது. இதே தர்க்கத்தில், நான்கு இலக்கம் 4 முதல் 9 வரையான எண்ணில் தொடங்கினால் அது நாளாக இருக்க முடியாது, வருடம்தான். 7254ஐப் பார்த்தால் 725ஆம் நாள் ஏது?

வருடத்துக்கு இரண்டு இலக்கம் கொடுத்து 24122 என்று ஐந்து இலக்கமாக அச்சிடும் கம்பெனிகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

இனி நாளைத் தேதியாக்குவது. பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையையும் மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நிற்காது. மூன்று எண்களை மட்டும் வைத்திருக்கிறேன்: மார்ச் முடிவில் 90, ஜூன் முடிவில் 181, செப்டம்பர் முடிவில் 273. குறியீட்டில் உள்ள எண்ணுக்குக் கீழே மிக அருகில் உள்ளதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அடுத்த மாதத்திலிருந்து விரல் முட்டியில் எண்ணிக்கொள்ளலாம். 90 வரையான எண் என்றால் கழிக்க எதுவும் இல்லை, ஜனவரியிலிருந்து நேராக எண்ணவேண்டியதுதான்.

நெட்டாண்டு வந்தால் இந்த மூன்றும் ஒன்று கூடிவிடும்: 91, 182, 274. பிப்ரவரி 29 அன்று 60ஆம் நாள்; சாதாரண ஆண்டில் 60 என்றால் மார்ச் 1. 59 வரை எந்த வித்தியாசமும் இல்லை, அதற்குப் பிறகு டிசம்பர் 31 வரை எல்லாமே ஒரு நாள் தள்ளும். 2024 நெட்டாண்டு, அடுத்தது 2028. கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்த பழைய நாள் அட்டவணை இந்த இடத்தில்தான் காலை வாருகிறது. மதுரைக்காரர்களுக்கு மறக்காத கணக்கு ஒன்று சொல்கிறேன். 2024இல் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. அன்று ஓர் ஆலையில் சரக்குப் போட்டிருந்தால் குறியீடு 24114. சாதாரண அட்டவணைப்படி 90ஐக் கழித்தால் 24 வரும், அதாவது ஏப்ரல் 24, அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள். 91ஐக் கழித்தால்தான் சரியாக 23. அடுத்த ஆண்டு அவர் இறங்கியது மே 12. 2025 சாதாரண ஆண்டு. 25132இல் 90 போனால் 42, ஏப்ரலின் 30 போனால் 12.

எங்கள் பெட்டிகளையும் முடித்துவிடுவோம். 122இல் 91 போனால் 31. ஏப்ரலுக்கு 30, மிச்சம் ஒன்று: மே 1. 287இல் 274 போனால் 13: அக்டோபர் 13. ஆக நாங்கள் பழசு என்று முன்னால் வைத்து விற்றது ஐந்தரை மாதம் இளைய சரக்கு.

கணினியில் போட நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. விரிதாளில் இந்தச் சூத்திரம் போதும்:

```
=DATE(2024,1,122)
```

ஜனவரியின் 122ஆம் நாள் என்று கேட்டாலும் அது கோபித்துக்கொள்ளாமல் மே 1ஐத் தரும். நெட்டாண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஜனவரி 1உடன் 122ஐக் கூட்டும் சூத்திரத்தை எழுதிவிட்டு மே 2 வருகிறதே என்று விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜனவரி 1 பூஜ்யம் அல்ல, அதுவே ஒன்றாம் நாள். கூட்டுவதானால் 121ஐக் கூட்டவேண்டும். இரண்டாவது, 0984 என்று தட்டினால் விரிதாள் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கி 984 என்று வைத்துக்கொள்ளும். 2024 ஏப்ரல் 7 என்ற நல்ல தேதி அர்த்தமில்லாத எண்ணாகிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவமாக மாற்றிவிட்டுத் தட்டுங்கள்.

சரக்குப் புழக்கத்தில் இதை ‘ஜூலியன் தேதி’ என்று சொல்வதும் ஒரு பொறி. அந்தப் பெயரைத் தேடி ஏதாவது மாற்றியில் போட்டால் 2460311 போன்ற ஏழு இலக்கம் வந்து நிற்கும். அது வானியலாளர்கள் கி.மு. 4713இலிருந்து தொடர்ச்சியாக எண்ணிவரும் நாள் கணக்கு; 2024 ஜனவரி 1 நண்பகலுக்கு உரிய எண் அது. மக்காச்சோளத்துக்கும் அதற்கும் உறவு இல்லை. அதேபோல டயரில் உள்ள 2324ஐ 232ஆம் நாள் என்று படிக்கக் கூடாது. டயரில் அது வாரம்: 2024இன் 23ஆம் வாரம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இந்தக் குறியீட்டைக் காலாவதித் தேதியாக எடுத்துக்கொள்வது. இது பெரும்பாலும் தயாரித்த நாள். ஆலை தன் சரக்கை அடையாளம் காண, குறை கண்டால் திரும்பப் பெற, பேட்ச் எண்ணுக்குள் புதைத்து வைத்திருப்பது. இந்தியாவில் விற்கும் பொட்டல உணவில் தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதியையும் காலாவதித் தேதியையும் தனியாக அச்சிடவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறை சொல்கிறது. வாடிக்கையாளரிடம் பேசும்போது அந்த அச்சுதான் பேச்சு. குறியீட்டிலிருந்து நாமே காலாவதி கணக்கிட்டுச் சொல்லக் கூடாது. காரணம் சாதாரணமானது: 122ஆம் நாளில் ஒன்பது மாதம் கூட்டினால் 2025 பிப்ரவரி 1. ஒன்பது மாதம் என்பதை 270 நாள் என்று எடுத்தால் 392. அதில் 2024இன் 366 போனால் 26, அதாவது ஜனவரி 26. 365ஐக் கழித்தவர் ஜனவரி 27 என்பார். மூன்று பேர் மூன்று தேதி சொல்வார்கள், டின்னில் ஒன்றுதான் இருக்கும்.

குறியீடு உதவுவது மூடிய பெட்டிகளை முன்பின் அடுக்கத்தான். அதற்கும் முன்னால் நாங்கள் இப்போது செய்வது ஒன்று உண்டு. புதுக் கம்பெனிச் சரக்கு வந்தால் ஒரே ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளே அச்சிட்ட தயாரிப்புத் தேதியையும் வெளிக் குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம். தேதி 16/04/24, பேட்ச் எண் K24107B என்றால், 107இல் 91 போக 16. பொருந்துகிறது, முன்பின் எழுத்துகளை விட்டுவிடலாம். எப்படிப் பிரித்தும் பொருந்தவில்லை என்றால் அது நாள் எண்ணே அல்ல. மாதத்தை எழுத்தால் குறிக்கும் கம்பெனிகளும், வெறும் வரிசை எண் போடும் கம்பெனிகளும் உண்டு. அந்தப் பெட்டிகளின் மேல் டின்னில் உள்ள தேதியையே தம்பி மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவிடுகிறான்.