சைக்கிளை நீக்கிய செங்கல் சுவரில் சாந்துக் கோடு பிசகாமல் ஒட்டுவது எப்படி?

ஃபோட்டோஷாப்பில் சுவரோரம் நிற்கும் சைக்கிளை Content-Aware Fill கொண்டு நீக்கினால் சைக்கிள் போய்விடும். ஆனால் அந்த இடத்தில் சாந்துக் கோடுகள் பாதியில் அறுந்து, செங்கற்கள் அரையும் குறையுமாக நிற்கும். அதே கருவியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பயனில்லை. இங்கே Clone Stamp-தான் சரி.

புதிய காலி லேயர் ஒன்றைத் திறந்து, S விசையை அழுத்தி, மேல் பட்டையில் Sample: Current & Below என்று வையுங்கள். Aligned டிக் ஆகியிருக்கட்டும். Hardness 75% அளவில் போதும். பூஜ்யத்தில் வைத்தால் ஓரங்கள் குழைந்து சாந்துக் கோடு மங்கிவிடும். பிரஷ் அகலம் ஏறக்குறைய ஒரு செங்கல்லின் உயரம்.

பலரும் தவறுவது அடுத்த படியில். செங்கல்லின் நடுவில் Alt அழுத்திக் க்ளிக் செய்யாதீர்கள். படுக்கைக் கோடும் நிற்கும் கோடும் சந்திக்கும் முனையில் செய்யுங்கள். ஒட்டும்போதும் அதே மாதிரியான முனையில்தான் முதல் க்ளிக். பிரஷ்ஷுக்குள் தெரியும் முன்னோட்டம் அடியிலுள்ள கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்த பிறகே அழுத்துங்கள். Aligned இருப்பதால் முதல் க்ளிக் பிசகினால் பின்னால் வருவதெல்லாம் அதே அளவு பிசகும். உடனே Ctrl+Z போட்டு, மாதிரி முனையில் மறுபடி Alt க்ளிக் செய்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

மாதிரியை மேலிருந்து எடுப்பதானால் வரிகளை எண்ணுங்கள். சாதாரணக் கட்டில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து அரைக் கல் தள்ளியிருக்கும். ஆகவே ஒரு வரி மேலிருந்து நேராக எடுத்தால் நிற்கும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துவிடும். இரண்டு, நான்கு என்று இரட்டைப்படை வரி தள்ளியே எடுக்க வேண்டும். பக்கவாட்டில் எடுப்பதானால் முழுக் கல் கணக்கு. முடிந்தவரை பக்கவாட்டில் எடுப்பதே நல்லது, ஏனென்றால் சுவரில் வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்து கீழாக மாறும்.

கோடு சேர்ந்தும் ஒட்டு தனியாகத் தெரிந்தால், வெளிச்சம் மாறுபடுகிறது என்று பொருள். ஒட்டு லேயரின் மேல் Curves சேர்த்து, இரண்டு லேயருக்கும் நடுவில் Alt க்ளிக் செய்யுங்கள். அப்போது மாற்றம் ஒட்டுக்கு மட்டும் விழும். பிறகு படத்தை 25%-க்குச் சுருக்கிப் பாருங்கள். உடைந்த மூலையுள்ள ஒரே கல் சம இடைவெளியில் மீண்டும் தெரிந்தால், அந்தக் கல்லின்மேல் மட்டும் வேறு கல்லை ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை: சுவரைச் சாய்வாக எடுத்த படத்தில் இந்த முறை கைகொடுக்காது. தூரம் போகப் போகக் கற்கள் சிறுத்துவிடும். காலி லேயரைத் தேர்ந்துகொண்டு Filter > Vanishing Point போங்கள். சுவரில் நான்கு முனைகளைக் க்ளிக் செய்து கட்டம் வரையுங்கள். நான்கும் சாந்துக் கோடுகள் சந்திக்கும் இடங்களாக இருக்கட்டும். கட்டம் நீலமாக வர வேண்டும்; மஞ்சளோ சிவப்போ வந்தால் மூலைகளை நகர்த்துங்கள். நீலம் வந்தாலும் கட்டத்தின் ஓரங்கள் சாந்துக் கோடுகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதன் பின் உள்ளேயே இருக்கும் Stamp கருவியால் முனையிலிருந்து முனைக்கு ஒட்டினால், கல்லின் அளவு தூரத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும்.