பெட் முடிவு தப்பா? தரவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

பிரிட்டனில் கால்பந்து பெட் கட்டுகிறவர்களுக்கு இது. ஒரு வீரர் இரண்டு 'ஷாட் ஆன் டார்கெட்' அடிப்பார் என்று கட்டுகிறீர்கள். ஒரு ஸ்கோர் ஆப்பில் இரண்டு என்று இருக்கிறது, புக்மேக்கர் ஒன்று என்று கணக்கு முடித்துவிட்டார். ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பிச் சண்டை போடாதீர்கள், அந்த ஆப் அவர்களுடைய ஆதாரமாக இல்லாமல் இருக்கலாம்.

முதலில் எழுத்தில் கேளுங்கள்: எந்த நிறுவனத்தின் தரவு, உங்கள் எந்த விதிப்படி, எந்த நிமிடத்து ஷாட்டை விட்டீர்கள்?

பல புக்மேக்கர்கள் ஆப்டா என்ற நிறுவனத்தின் தரவைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி கம்பத்தில் பட்டு வெளியே போன பந்து கணக்கில் வராது. பின்னால் கோல்கீப்பர் இருக்கும்போது தடுப்பாட்டக்காரர் மறித்த ஷாட்டும் வராது. உங்கள் இரண்டாவது ஷாட் அப்படிப்பட்டது என்றால் விட்டுவிடுங்கள். கோல்கீப்பர் தடுத்த ஷாட் விடுபட்டிருந்தால், அந்த நிமிடத்தைக் குறிப்பிட்டு மறுபரிசீலனை கேளுங்கள்.

புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால், அவர்கள் சேர்ந்திருக்கும் நடுவர் அமைப்புக்கு இலவசமாகப் போகலாம். பலருக்கு அது ஐபாஸ். அப்போது, முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிய பதில்தான் கைகொடுக்கும்.