ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டைக் குறைக்கப் பேசுவது எப்படி: ஒரு இடுப்பு எலும்பு முறிவின் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் என் பெரியம்மா வழுக்கி விழுந்தார். வயது 71. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்ததில் தொடை எலும்பு இடுப்பு மூட்டோடு சேரும் கழுத்துப் பகுதியில் முறிந்திருந்தது. மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூட்டின் பந்தை மட்டும் மாற்றும் ஆபரேஷனுக்கு எஸ்டிமேட் 2,40,000 ரூபாய். எங்கள் கையில் இருந்தது 1,10,000.

எல்லாச் சிகிச்சைக்கும் பேச நேரம் இருக்காது. மாரடைப்பு, தலைக்காயம் என்றால் முதலில் உயிரைப் பாருங்கள். இடுப்பு எலும்பில் கொஞ்சம் அவகாசம் உண்டு, ஆனால் அது அதிகமில்லை. வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் ஆபரேஷன் முடிவது நல்லது. படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், காலில் ரத்தம் உறையும். அதனால் பேச்சை அன்று மாலைக்குள் முடிக்க வேண்டும்.

முதல் படி: காப்பீட்டு அட்டை

பேரத்துக்கு முன்பே இதைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம். அட்டை இருந்தால் கவுன்டரில் "இந்த அட்டை வாங்குவீங்களா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்த ஆபரேஷனுக்கு இங்கே செல்லுமா?" என்று கேளுங்கள். ஒரே ஆஸ்பத்திரியில் இதயத்துக்குச் செல்லும், எலும்புக்குச் செல்லாது என்ற நிலை உண்டு. அங்கே செல்லாவிட்டால் எங்கே செல்லும் என்று 1800 425 3993 எண்ணில் கேட்கலாம்.

ஒப்புதல் ஆபரேஷனுக்கு முன்பே வர வேண்டும். "முதல்ல பணம் கட்டுவோம், அட்டையை அப்புறம் காட்டிக்கலாம்" என்று இருந்தவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். கட்டிய பணம் பிறகு திரும்பி வரும் என்று எண்ணாதீர்கள். எங்களுக்கு அண்ணனின் மாதச் சம்பளம் சேர்ந்து வருமான வரம்பு தாண்டிவிட்டது. அந்த வழி அடைந்தது.

இரண்டாம் படி: எஸ்டிமேட்டைப் பிரித்து வாங்குங்கள்

மொத்தத் தொகையை வைத்துப் பேசினால் ஐந்தாயிரம் குறைப்பார்கள், அதோடு முடிந்தது. எந்த வரியில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் பேச இடம் கிடைக்கும். நாங்கள் கேட்டதும் ஒரு தாளில் எழுதித் தந்தார்கள்: இரண்டு படுக்கை அறை 6 நாளுக்கு 27,000, சர்ஜன் 55,000, மயக்க மருந்து டாக்டர் 18,000, தியேட்டர் 25,000, உள்ளே வைக்கும் மூட்டு 60,000, மருந்தும் சாமான்களும் உத்தேசமாக 35,000, பரிசோதனைகள் 20,000.

இதில் பெரும்பாலோர் பார்க்காத வரி அறை. அறை வாடகை குறைந்தால் அந்த வாடகை மட்டும் குறையும் என்று நினைக்கிறோம். பல தனியார் ஆஸ்பத்திரிகளில் அறையின் வகையை வைத்துத்தான் மற்ற கட்டணங்களும் ஏறும். அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே ரத்தப் பரிசோதனைதான், ஆனால் தனி அறை நோயாளிக்கு ஒரு விலை, ஜெனரல் வார்டுக்கு வேறு விலை. நாங்கள் "ஜெனரல் வார்டுன்னா இந்த ஒவ்வொரு வரியும் எவ்வளவு ஆகும் மேடம்?" என்று கேட்டோம். வாடகையில் 18,000, சர்ஜன் கட்டணத்தில் 15,000, மயக்க மருந்து, தியேட்டர், பரிசோதனை மூன்றிலும் சேர்த்து 15,000 குறைந்தது. ஒரே கேள்வியில் 48,000. அட்மிஷன் போடும்போதே கேட்டுவிடுங்கள், பிறகு மாற்றினால் அதுவரை ஓடிய கட்டணம் பழைய வகையில்தான் நிற்கும்.

மூன்றாம் படி: யாரிடம் எதைக் கேட்பது

கவுன்டரில் இருப்பவருக்குக் குறைக்க அதிகாரம் இல்லை. அவரிடம் மன்றாடிக் களைத்துவிடாதீர்கள். சர்ஜன் தன் கட்டணத்தைத் தானே குறைக்க முடியும், மூட்டு எந்தக் கம்பெனி என்பதையும் அவர்தான் முடிவு செய்கிறார். மற்றவற்றுக்கு ஆஸ்பத்திரி மேலாளர். அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரியாக இருந்தால் சமூகப் பணியாளரைக் கேட்டுப் போங்கள், ஏழை நோயாளிகளுக்கென ஒதுக்கிய தொகை அவர் வழியாகத்தான் வரும்.

மாலை ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது அண்ணன் பேசினார்: "டாக்டர், அம்மா வீட்டுக்குள்ள நடந்தா போதும். எங்ககிட்ட 1,10,000 இருக்கு, மீதி இலைப் பணம் வந்ததும் தர்றோம். இதைவிட விலை குறைஞ்ச மூட்டு வைக்கலாமா? நீங்க வேண்டாம்னா கேக்க மாட்டோம்." அவர் யோசித்து, இந்த வயதுக்கு 42,000 ரூபாய் மூட்டே போதும் என்றார். தன் கட்டணத்திலும் 10,000 குறைத்தார். கோத்தகிரியில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளும் எக்ஸ்ரேயும் கையில் இருந்ததால் 4,000 ரூபாய்க்கான பரிசோதனைகளை மறுபடி எடுக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது அந்தத் தாள்களை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக 1,60,000. உள்ளதை உள்ளபடி சொன்னதுதான் வேலை செய்தது என்று நம்புகிறேன். இவ்வளவு இன்றைக்கே, மீதி இந்தத் தேதியில் என்று சொல்லும் குடும்பத்தோடு பேச மேலாளரும் தயாராக இருந்தார். தொகை அப்போதும் எட்டவில்லை என்றால் ஊட்டியிலோ கோவையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே மாறுவது நல்லது. நோயாளி பயணம் தாங்குவாரா என்பதை டாக்டரிடம் கேட்டு, இதுவரை செய்த சிகிச்சையின் குறிப்பையும் வாங்கிக்கொண்டு போங்கள்.

நான்காம் படி: எது சேராது என்று எழுதி வாங்குங்கள்

பேக்கேஜ் என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். எத்தனை நாள் வார்டு, ஐசியூவில் வைத்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு, ரத்தம் ஏற்றினால் யார் கணக்கு, மருந்து 35,000 தாண்டினால் முன்கூட்டியே சொல்வார்களா, இந்த நான்கையும் அதே தாளில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். தினமும் காலையில் அதுவரை ஆன பில்லைக் கேளுங்கள்.

எங்களுக்குக் கடைசி பில் 1,83,400 என்று வந்தது. 23,400 அதிகம். அதில் 12,000 ஒரு இரவு ஐசியூ, 11,400 மருந்து. வார்டில் தினமும் வாங்கிவைத்த ஊசி மருந்துகளில் பிரிக்காதவற்றை நர்ஸ் பார்மசிக்குத் திருப்பியிருந்தார், ஆனால் அந்தத் தொகை பில்லில் கழியவில்லை. அண்ணி ஒவ்வொரு பார்மசி சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். அதை வைத்து 4,200 கழித்தார்கள். ஐசியூ முன்னெச்சரிக்கைக்காக வைத்தது என்பதால் மேலாளர் பாதியை விட்டார். முடிவில் 1,73,200.

பாக்கி நிற்கும்போது

பாக்கிக்காக நோயாளியையோ, உயிர் போயிருந்தால் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைப் பட்டயம் சொல்கிறது. அப்படிச் செய்தால் அந்த மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தொகை எழுதாத செக்கோ, பட்டாவின் அசலோ கொடுக்காதீர்கள். பாக்கித் தொகையும் தேதியும் எழுதிய தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும்.

நாங்கள் 1,10,000 கட்டி, பெரியப்பாவின் தங்கையிடம் 23,200 வாங்கிக் கட்டினோம். மீதி 40,000. பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி மாதம் ஒரு முறைதான் பணம் போடும். அதனால் "மாசம் பத்தாயிரம், நாலு மாசம், இலைப் பணம் வந்த மூணு நாளுக்குள்ள" என்று எழுதிக்கொண்டோம். டிஸ்சார்ஜ் ஃபைலில் மூட்டின் கம்பெனிப் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு ரசீதைப் பெரியம்மாவின் எக்ஸ்ரே கவருக்குள் வைத்துவிட்டு வண்டி ஏறினோம்.