பழைய ஊழியரைப் பற்றி விசாரித்தால் என்ன பதில் எழுதுவது?

பரந்தனில் சிறிய அரிசி ஆலை நடத்துகிறேன். வவுனியாவிலிருந்து ஒரு மொத்த வியாபாரி அழைத்தார். எங்களிடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த தம்பி அங்கே வேலை கேட்டிருக்கிறாராம். "அண்ணை, ஆளை நம்பலாமா?" என்றார்.

முதல் வேலை, அந்த இடத்திலேயே பதில் சொல்லாமல் இருப்பது. குரலை வைத்து ஆளை அறிய முடியாது. கடன் வசூலிக்க அலைபவரும் இப்படிக் கேட்கலாம். கேள்விகளை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். பிறகு தம்பியை அழைத்து, என் பெயரைக் கொடுத்தது அவர்தானா, நான் பதில் எழுதச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்தது கோப்பு. ஐந்து ஆண்டுகள் வேலை செய்தார் என்றே என் நினைவு. ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும்தான் இருந்தன.

சிக்கல் இனித்தான். அவர் விலகிய ஆண்டில் 10,000 கிலோ நெல் வாங்கி அடுக்கினோம். வெளியே எடுத்தபோது 9,550 கிலோ. 450 கிலோ எங்கே என்று ஆலையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நானும்தான். இப்போது கொள்வனவுப் புத்தகத்தைப் புரட்டினால், வாங்கும்போது ஈரப்பதன் 18 சதவீதம், எடுக்கும்போது 14. ஈரம் போக உலர்ந்த பொருள் 8,200 கிலோ, அதை 0.86 ஆல் வகுத்தால் 9,535. நெல் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று தொலைபேசியில் "கை சுத்தம் கொஞ்சம் சந்தேகம்" என்று சொல்லியிருந்தால்?

ஆகவே எழுதும்போது ஒரே சோதனை: இதற்கு என்னிடம் பதிவு இருக்கிறதா, அது அவருக்கும் தெரியுமா? தாமதமாக வந்ததற்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்தன, இரண்டிலும் அவருடைய கையொப்பம். வரவைப் பற்றிக் கேட்டிருந்ததால் இப்படி எழுதினேன்: "கடைசி ஆண்டில் தாமதத்துக்காக இருமுறை எழுத்தில் எச்சரிக்கப்பட்டார். அதன்பின் விலகும்வரை முறைப்பாடு இல்லை. இருப்புக் கணக்கில் அவர்மீது எக்குற்றமும் பதிவாகவில்லை." இரண்டாவது வசனத்தை விட்டால் முதலாவது உண்மையாக இருந்தும் ஏமாற்றும். எச்சரிக்கையை மறைத்துப் புகழ்ந்தாலும் அதே பிழைதான். வவுனியாக்காரர் என் சொல்லை நம்பித்தான் சாவியைக் கொடுக்கப்போகிறார்.

இலங்கையில் அவதூறு 2002 இல் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது; ஆனால் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடலாம். கேட்க நியாயமான தேவையுள்ளவருக்கு நல்லெண்ணத்தோடு சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு. வன்மத்தில் சொன்னதற்கும், தேநீர்க் கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னதற்கும் அதை எதிர்பார்க்க முடியாது.

கடைசிக் கேள்வி, போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அடிக்கடி வருவது: "புனர்வாழ்வு பெற்றவரா? எந்த ஊர் ஆட்கள்?" அதற்கு நேராக, "வேலையோடு தொடர்பில்லாததால் பதிலளிக்கவில்லை" என்று எழுதினேன். வெறுமையாக விட்டால் "ஆம்" என்று வாசித்துவிடுவார்கள். எல்லோர் விடயத்திலும் இதே வரியை எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் "இல்லை" என்று உதவப் போனால், அடுத்தவருக்கான மௌனம் காட்டிக்கொடுத்துவிடும்.

திகதியும் கையொப்பமும் இட்டு அனுப்பிவிட்டு, பிரதியைத் தம்பியின் கோப்பில் வைத்தேன். ஈரப்பதன் கணக்கையும் அதோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன்.