ஒரு கட்டுரைக்கு ஒரு செக்லிஸ்ட்: இலவச பிடிஎஃப் தயாரிப்பது எப்படி?

இமெயில் முகவரி தருபவருக்குப் பதிலுக்கு இலவசமாக ஏதாவது தருவதைத்தான் லீட் மேக்னெட் என்கிறார்கள். முதன்முதலாகச் செய்பவர்கள் பெரிய மின்னூல் எழுத உட்கார்ந்து பாதியில் விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து ஒரு பக்க செக்லிஸ்ட் எடுப்பது ஒரு மாலை வேலைதான்.

எல்லாக் கட்டுரையும் இதற்கு ஒத்துவராது. படித்து முடித்தவர் எழுந்து போய்க் கையால் ஏதாவது செய்ய வேண்டும், அதுவும் வரிசையாக. கருத்துக் கட்டுரைக்குச் செக்லிஸ்ட் போட்டால் வெறும் சுருக்கம்தான் மிஞ்சும். இங்கே "பழைய போனை விற்கும் முன் என்ன செய்ய வேண்டும்?" என்ற கட்டுரையை எடுத்துக்கொள்வோம்.

செயல்களை மட்டும் பிரித்தெடுங்கள்

கட்டுரையைப் படித்துக்கொண்டே, வாசகர் செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். காரணங்கள் கட்டுரையிலேயே இருக்கட்டும். அப்புறம் வரிசையை மாற்றுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கட்டுரையில் முக்கியமானது முதலில் வரும், அதனால் ஃபேக்டரி ரீசெட் பற்றி இரண்டாம் பத்தியிலேயே பேசியிருப்போம். கை வேலையிலோ அது கடைசி. அதற்கு முன்பே, கணக்கில் நுழையக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலியைப் புதுப் போனுக்கு மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தக் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம்.

ஒவ்வொரு வரியும் செய்தாயிற்றா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "பேக்கப்பில் கவனமாக இருங்கள்" என்பதற்கு எப்படி டிக் போடுவது? இப்படி எழுதலாம்:

புதுப் போன் வந்ததும்
☐ பேக்கப் எடுத்த பழைய படம் ஒன்றைப் புதுப் போனில் திறந்து பார்த்தேன்
☐ வாட்ஸ்அப் உரையாடல்கள் புதுப் போனில் தெரிகின்றன
☐ ஆதென்டிகேட்டரை மாற்றி, அதன் குறியீட்டால் ஒரு கணக்கில் நுழைந்து பார்த்தேன்

அழிக்கும் முன்
☐ கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறினேன்
☐ சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்தேன்

கடைசியாக
☐ ஃபேக்டரி ரீசெட் முடிந்து, மொழி கேட்கும் முதல் திரை வந்தது

இந்தப் பட்டியலை வாசகர் எங்கே வைத்துப் பார்ப்பார் என்றும் யோசியுங்கள். அழிக்கப்போகும் போனிலேயே பிடிஎஃப்பைத் திறந்து வைத்திருந்தால் பாதியில் அதுவும் போய்விடும்! அதனால் "இதை அச்செடுங்கள், அல்லது புதுப் போனில் திறங்கள்" என்பதைப் பட்டியலின் தலையில் முதல் வரியாகச் சேருங்கள்.

பிடிஎஃப் ஆக்குதல்

கூகுள் டாக்ஸ் போதும். ஏ4 அளவில் ஒரே பக்கம், பெரிய எழுத்து, டிக் போட இடம். எழுத்துருவை `Noto Sans Tamil` என்று வைத்து, `File > Download > PDF Document (.pdf)` கொடுங்கள். அடியில் கட்டுரையின் இணைப்பைச் சேருங்கள், பிடிஎஃப் கைமாறிப் போகும்போது அதுவே உங்கள் முகவரி. இறக்கிய கோப்பைப் போனில் ஒருமுறை திறந்து பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றால் எழுத்துருவை மாற்ற வேண்டும்.

கொடுப்பது

கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, பகிர்வை `Anyone with the link`, `Viewer` என்று மாற்றுங்கள். நான் முதல்முறை இதை மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் பிடிஎஃப்புக்குப் பதில் அனுமதி கேட்கும் கடிதங்கள்தான் வரிசையாக வந்திருந்தன. இணைப்பை மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

படிவத்தில் இமெயில் மட்டும் கேளுங்கள், பெயர் வேண்டாம். தொடர்ந்து கடிதம் அனுப்புவீர்கள் என்றால் பொத்தானுக்கு மேலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் இணைப்பைப் பக்கத்தில் காட்டாமல், உங்கள் இமெயில் சேவையின் தானியங்கிக் கடிதத்தில் அனுப்புங்கள். பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் பலர் பொய் முகவரியைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

படிவம் எங்கே? கட்டுரையின் அடியில் மட்டும் வைத்தால் பலர் அதுவரை வரவே மாட்டார்கள். ஆதென்டிகேட்டர் பற்றிய பத்தியில் "அட, இவ்வளவு இருக்கிறதா" என்று வாசகருக்குத் தோன்றும். அதற்கு அடுத்த வரியில் ஒன்று வையுங்கள். பொத்தானில் "சந்தா செய்க" வேண்டாம், "போன் விற்கும் முன்: 1 பக்கப் பட்டியல்" என்று எழுதுங்கள்.

போன்களின் மெனு மாறிக்கொண்டே இருக்கும். பட்டியலைத் திருத்தியதும் புதிய கோப்பாக ஏற்றாதீர்கள். டிரைவில் பழைய கோப்பின் மேல் `Manage versions` வழியாக ஏற்றினால், ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களில் இருக்கும் இணைப்பிலும் புதுப் பட்டியலே திறக்கும்.