மருத்துவமனை பில்லைக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் அன்று கையில் ஒரு வெள்ளைத் தாளோடு பில்லிங் கவுண்டரில் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறோம். தாளில் "நாங்கள் மிகவும் ஏழைகள், தயவுசெய்து பாதித் தொகையைக் குறைக்கவும்" என்று இருக்கும். ஆரம்பத்தில் நாங்களும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். பணிவாகப் பேசுங்கள், ஆதார் நகல் வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சறுக்குகிற இடங்கள் வேறு.

மொத்தத் தொகையில் பாதியைக் கேட்பது

அதிகம் இழக்க வைப்பது இதுதான். இன்றும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் நியாயமான கோரிக்கையும் இதனால் ஒரே நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

பில் தொகை முழுவதும் மருத்துவமனையின் கைக்குப் போவதில்லை. 2,84,000 ரூபாய் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருந்தும் ஊசி, குழாய் போன்ற பொருட்களும் 96,000. எலும்புக்கு வைத்த பிளேட், ஸ்க்ரூ 58,000. வெளியிலிருந்து வந்த அறுவை சிகிச்சை டாக்டரின் கட்டணம் 40,000. அறை வாடகையும் ஐ.சி.யூ.வும் 52,000. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் 22,000. ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் 16,000.

மருந்திலும் பிளேட்டிலும் பெரும்பாலும் கை வைக்கமாட்டார்கள். வெளியே காசு கொடுத்து வாங்கிய பொருள் என்பார்கள். வெளி டாக்டரின் பணம் அவருக்குப் போக வேண்டியது. நிர்வாகம் சுலபமாக விட்டுக்கொடுக்கக்கூடியது கடைசி மூன்று வரிகள்தான், அதாவது 90,000. நீங்கள் பாதி என்று 1,42,000 கேட்டால், அவர்களால் தர முடிகிற எல்லையையே தாண்டிவிடுகிறீர்கள். படித்தவர் "முடியாது" என்று எழுதிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். அல்லது கண்துடைப்பாக 5,000 குறைப்பார்.

அதனால் முதலில் வரிவாரியான விவரப் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பிறகு மூன்று கதவுகளைத் தனித்தனியாகத் தட்டுங்கள். பிரிக்காத மருந்துகளை ஃபார்மசியில் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கணக்கில் 9,000 வந்தது என்று வையுங்கள். டாக்டரை நேரில் பார்த்து அவருடைய கட்டணத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். 15,000 விட்டார் என்று வையுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள், வாய்ச்சொல் பில்லிங்கில் செல்லாது. மருத்துவக் கண்காணிப்பாளருக்கான மனுவில் இப்படி எழுதுங்கள்:

"அறை, பரிசோதனை, தியேட்டர் கட்டணம் 90,000 ரூபாயில் 45,000 ரூபாயைக் குறைக்க வேண்டுகிறேன். முன்பணம் 1,00,000 கட்டியுள்ளேன். இன்று 80,000 கட்டுகிறேன். மீதி 35,000 ரூபாயை மாதம் 5,000 வீதம் ஏழு தவணைகளில் கட்டுகிறேன்."

இதில் கையெழுத்துப் போடுபவர் யோசிக்க வேண்டியது ஒரே ஒரு எண்ணைத்தான். இன்று எவ்வளவு வரும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒன்றோடொன்று முரண்படும் வருமானத் தாள்கள்

வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 72,000 என்று இருக்கும். கூடவே இணைத்த வங்கி பாஸ்புக்கில் மாதாமாதம் 18,000 சம்பளம் ஏறியிருக்கும். பார்ப்பவர் இரண்டையுமே நம்பமாட்டார். சான்றிதழ் பழையதாக இருந்தால் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போய் வரச் சில நாள் ஆகும் என்பதால், நோயாளியைச் சேர்த்த வாரத்திலேயே அதைத் தொடங்குங்கள்.

மாத வருமானம் 18,000 என்றால் அதையே எழுதுங்கள். அதன் கீழே வாடகை 6,000, நகைக்கடன் வட்டி 2,500 என்று செலவையும் எழுதி, அடகுச் சீட்டின் நகலை வையுங்கள். சம்பாதிப்பவரே படுக்கையில் இருந்தால், இத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது என்ற டாக்டரின் குறிப்பு வருமானச் சான்றிதழைவிட அதிகம் பேசும்.

காப்பீட்டுத் திட்டத்தைக் கடைசியில் நினைப்பது

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைச் சேரும் நாளிலேயே கேளுங்கள். திட்டத்தில் உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும், சிகிச்சைக்கு அனுமதியும் வாங்க வேண்டும். இறுதி பில்லுக்குப் பிறகு கார்டை நீட்டிப் பயனில்லை.

கவுண்டரில் கேட்பது

அங்கே இருப்பவருக்குக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. மருத்துவ சமூகப் பணியாளரையோ பி.ஆர்.ஓ.வையோ டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே பாருங்கள். ஞாயிறன்று வேண்டாம்.

முழுவதும் கட்டிவிட்டுக் கேட்பது

திரும்ப வராது.

குறைத்ததை எழுத்தில் வாங்காதது

குறைத்த தொகை தள்ளுபடி என்ற தனி வரியாக இறுதி பில்லில் அச்சாகி வர வேண்டும். தவணை என்றால், எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்று எழுதி முத்திரையிட்ட நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏழாவது தவணை கட்டிய அன்று "நிலுவை இல்லை" என்று எழுதிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது பழைய பாக்கி என்று ஓ.பி. சீட்டை நிறுத்தினால் காட்ட அதுதான் வேண்டும்.