குழந்தையின் கால் வளைவை வீட்டில் அளப்பது எப்படி, எப்போது ரிக்கெட்ஸைச் சந்தேகிப்பது

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளின் கால்களையும் பார்த்து ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். என் மகனுக்கு ஒன்றரை வயதில் கால் வில் மாதிரி இருந்தது. “டயப்பர் போட்டுப் போட்டுத்தான் கால் அகண்டுபோச்சு” என்றார் மாமியார். அதே புளோக்கில் இருக்கும் அக்காவின் மகனுக்கும் வில்கால்தான். இருவரையும் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனோம். என் மகனுக்கு ஒன்றுமில்லை. அக்கா மகனுக்கு ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு இறுகாமல் மெத்தாகிவிடும் நோய். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த கால்களை எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டயப்பருக்கும் கால் வளைவுக்கும் சம்பந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றிரவு பல வீடுகளில் சண்டை குறையும்.

படி 1: வயதைப் பாருங்கள்

பிறக்கும் குழந்தை எல்லோருக்கும் வில்கால்தான். நடக்கத் தொடங்கும்போது அது நன்றாகக் கண்ணில் படும். இரண்டு வயதை ஒட்டிக் கால் நேராகும். ஆனால் நேரானதோடு நிற்காது, எதிர்ப்பக்கம் சாயும். மூன்று, நான்கு வயதில் முட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்கும். பலர் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் இயல்பானதே. பிறகு மெல்லக் குறைந்து ஏழெட்டு வயதில் பெரியவர்களின் கால்போல ஆகிவிடும். பெரியவர்களின் காலும் முட்டியில் சற்று உள்நோக்கிச் சாய்ந்ததுதான், முழு நேர்க்கோடு இல்லை.

அதனால் ஒன்றரை வயதில் வில்கால் என்றால் பொறுக்கலாம். நான்கு வயதில் வில்கால் என்றால் பொறுக்கக்கூடாது, அந்த வயதில் கால் மறுபக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

படி 2: அளப்பது

என்னை அதிகம் அலைக்கழித்த படி இது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

குழந்தையை நிற்கவைத்து அளக்காதீர்கள். நின்றால் இடுப்பை வெளிப்பக்கம் திருப்பி, முட்டியைச் சற்று மடக்கி நிற்கும். அப்படி நின்றால் நேரான கால்கூட வில்போலத் தெரியும். மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை நீட்டி, இரண்டு முட்டிச் சில்லும் கூரையைப் பார்க்கும்படி திருப்புங்கள். பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். சில குழந்தைகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பே சற்று உள்பக்கம் முறுகியிருக்கும். பாதத்தை நேராக்கினால் முட்டி வெளியே திரும்பி, இல்லாத வளைவைக் காட்டும். எப்போதும் முட்டிச் சில்லைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, சில்லு மேலே பார்க்கிறது. வில்கால் என்றால் இரண்டு கணுக்கால்களின் உள்பக்க எலும்பு முண்டுகளையும் மெல்லத் தொடவைத்து, முட்டிகளின் உள்பக்க எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். முட்டி இடிக்கும் கால் என்றால் தலைகீழாக, முட்டிகளை லேசாகத் தொடவைத்துக் கணுக்கால் முண்டுகளுக்கு இடையே அளக்க வேண்டும். அழுத்தித் தள்ளக்கூடாது, தொட்டால் போதும். குண்டுக் குழந்தை என்றால் முட்டி தொடும் முன்பே தொடைகள் தொட்டுவிடும். அப்போது சதையை விரலால் ஒதுக்கி எலும்பைத் தடவிப் பார்த்து அளக்க வேண்டும்.

துணி டேப்பை நான் தொடவே மாட்டேன், அது சதையோடு வளைந்து அளவைக் கூட்டிவிடும். பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் அடிக்கோல் போதும். ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க. பால் குடித்துத் தூங்கியபின் அளப்பது உத்தமம்.

கைபேசியில் படம் எடுப்பவர்கள் அகலக் கோணத்தில் கிட்டே போய் எடுக்காதீர்கள், ஓரங்கள் இழுபட்டுக் கால் வளைந்து தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி, கேமராவை முட்டி உயரத்தில் வைத்து எடுங்கள். பிறகு எடுக்கும் படங்களும் அதே தூரத்தில், அதே உயரத்தில் இருக்கட்டும்.

படி 3: எண்ணைப் படிப்பது

என் மகனுக்கு இருபது மாதத்தில் முட்டிகளுக்கு இடையே 4 சென்டிமீட்டர். இரண்டு காலும் ஒரே அளவு. மூன்று மாதம் கழித்து 2.5. மூன்றரை வயதில் முட்டி இடித்து, கணுக்கால்களுக்கு இடையே 5. புத்தகத்தில் சொன்ன வரிசைப்படியே போனதால் யாரும் எதையும் செய்யவில்லை, எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை.

வில்காலில் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போனாலும், முட்டி இடிக்கும் காலில் 8 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எண் சின்னதாக இருந்தாலும் இவற்றில் ஒன்று இருந்தால் போக வேண்டும்: ஒரு கால் மட்டும் வளைந்திருப்பது, இரண்டு வயதுக்குப் பிறகு வளைவு கூடிக்கொண்டே போவது, வலி, நொண்டல், வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. அடுத்த வாரம் அளந்து பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் எதுவும் மாறித் தெரியாது.

முட்டிக்குச் சற்றுக் கீழே சட்டென்று ஒடிந்ததுபோல் வளைந்து, நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முட்டி வெளியே உந்தினால் அது ப்ளவுன்ட் நோயாக இருக்கலாம். ஒரு வயதுக்கு முன்பே நடக்கத் தொடங்கிய, எடை கூடிய பிள்ளைகளுக்கு வருவது இது. ரிக்கெட்ஸ் வேறு, இது வேறு. ஆனால் இரண்டையும் வீட்டில் பிரிக்க முயல வேண்டாம்.

படி 4: காலை விட்டு மணிக்கட்டைப் பாருங்கள்

அக்கா மகனுக்கு இருபத்திரண்டு மாதம். இடைவெளி 7 சென்டிமீட்டர். மருத்துவர் காலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்தார். மணிக்கட்டில், உள்ளங்கைக்குச் சற்று மேலே, இருபக்கமும் எலும்பு புடைத்துத் தடித்திருந்தது. வளையல் போட்டால் அந்த இடத்தில் நிற்கும். பிறகு சட்டையைத் தூக்கி மார்பின் இருபக்கமும் விரலை ஓட்டினார். விலா எலும்பு குருத்தெலும்போடு சேரும் இடங்களில் மணிமணியாகத் தட்டுப்பட்டது. உச்சிக்குழி மூடியிருக்கிறதா, பல் எத்தனை, எப்போது நடந்தான் என்று கேட்டார். பதினெட்டு மாதத்துக்கு மேல்தான் நடந்தான், பல்லும் தாமதம்.

காரணம் இதுதான். எலும்பு நீள்வது அதன் முனைக்கருகே உள்ள வளர்ச்சித் தட்டில். அங்கே புதிதாக உருவாகும் குருத்தெலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்தால்தான் அது இறுகும். வைட்டமின் டி இல்லாவிட்டால் குடல் கால்சியத்தை எடுப்பது குறையும். அதைச் சரிக்கட்ட பாராதைராய்டு ஹார்மோன் கூடி, பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடும். தட்டு இறுகாமல் தடித்துப் பரந்துகொண்டே போகும். மணிக்கட்டில் புடைப்பாகத் தெரிவது அந்தப் பரந்த முனைதான். நடக்கும் குழந்தையின் எடை அந்த மெத்து எலும்பின் மேல் விழும்போது, கால் அப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே இன்னும் வளையும். அதனால் மூன்று, நான்கு வயதில் வரும் ரிக்கெட்ஸ் முட்டி இடிக்கும் காலாகவும் காட்டலாம். வில்காலுக்கு மட்டும்தான் ரிக்கெட்ஸ் என்று நினைக்க வேண்டாம்.

“வெயில் அடிக்கிற சிங்கப்பூரில் எப்படி?” என்று அக்கா கேட்டாள். அவன் பதினான்காவது மாடியில் வளர்ந்தவன். காலையில் ஜன்னல் ஓரம் வெயிலில் உட்காரவைத்தார்கள், ஜன்னல் மூடி, ஏர்கான் ஓடும். வைட்டமின் டி உருவாகத் தேவையான புறஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. கருத்த தோலுக்கு அதே அளவு உருவாக அதிக நேரம் வெயில் வேண்டும். தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு, சொட்டு மருந்தும் கொடுக்கவில்லை. ஒன்றரை வயதுவரை தாய்ப்பாலும் சோறும்தான் பிரதானம். மாட்டுப்பால் பிடிக்காது, வீட்டில் முட்டை, மீன் கிடையாது. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் பெரிய கேடில்லை, சேர்ந்து வந்ததுதான் வினை.

படி 5: பரிசோதனை முடிவைப் படிப்பது

பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிப் போனால் அரசாங்க மருத்துவமனையில் சலுகைக் கட்டணம். நேரே போனால் கிடைக்காது, அதைத் தவறவிட வேண்டாம். மணிக்கட்டு, முட்டி எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். ரிக்கெட்ஸில் எலும்பின் முனை கிண்ணம்போல் குழிந்து, ஓரம் துணிப்பிரிபோல் பிய்ந்து தெரியும்.

அவனுக்கு வைட்டமின் டி 18 வந்தது, அலகு லிட்டருக்கு நானோமோல். 30-க்குக் கீழே என்றால் குறைபாடு. பாராதைராய்டு ஹார்மோனும், எலும்பு வேலை கூடும்போது இரத்தத்தில் ஏறும் நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸும் கூடுதல், பாஸ்பேட் குறைவு. கால்சியம் இயல்பின் அடிவிளிம்பு. கால்சியம் இயல்பாக வந்ததால் ரிக்கெட்ஸ் இல்லை என்று ஆகிவிடாது, எலும்பைக் கரைத்துத்தான் உடல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வளரும் பிள்ளைக்கு ஆல்கலைன் பாஸ்படேஸும் பாஸ்பேட்டும் பெரியவர்களைவிட இயல்பாகவே கூடுதல். பெரியவர்களுக்கான வரம்பை வைத்துப் படித்தால் முதலாவது காரணமில்லாமல் பயமுறுத்தும், இரண்டாவது குறைவாக இருந்தும் ‘இயல்பு’ என்று தப்பிவிடும். தாளில் வயதுக்குரிய வரம்புதான் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வைட்டமின் டி சரியாக இருந்தும் பாஸ்பேட் குறைந்திருந்தால் அது சிறுநீரகம் பாஸ்பேட்டை வீணாக்கும் பரம்பரை வகையாக இருக்கலாம். அதற்கு வைட்டமின் டி சொட்டு மட்டும் உதவாது, குழந்தை ஹார்மோன் நிபுணர்தான் பார்க்க வேண்டும்.

அக்கா மகனுக்கு மருத்துவர் கொடுத்தது நாளுக்கு 3000 யூனிட் வைட்டமின் டி, கூடவே கால்சியம், குறைந்தது மூன்று மாதம். மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் எலும்பின் முனையில் வெள்ளைக்கோடு விழுந்திருந்தது, கால்சியம் படியத் தொடங்கியதன் அடையாளம். கால் நேராக ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. இரும்புப் பட்டை, சிறப்புக் காலணி எதுவும் போடவில்லை.

இந்த 3000 சிகிச்சை அளவு, நீங்களாகக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு வராமல் தடுக்கும் அளவு ஒரு வயதுக்குள் நாளுக்கு 400 யூனிட், அதாவது 10 மைக்ரோகிராம். அதற்குமேல் 600. சில பாட்டில்களில் ஒரு சொட்டே 400, சிலவற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 400. பாட்டிலை மாற்றும்போது இதைக் கவனிக்காவிட்டால் பல மடங்கு போய்விடும். ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்து கொடுக்கும் வகையைத்தான் நான் வாங்குவேன், சொட்டு விழும்போது ஒன்றா இரண்டா என்று தெரிவதில்லை. அளவுக்கு மீறினால் வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம் வரும்.

பின்சேர்க்கை

இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள். பாட்டி எண்ணெய் தேய்த்துக் காலை நீவி இழுத்தால் நேராகுமா? நேராகாது. இயல்பான கால் தானாக நேராகும், பாட்டிக்குப் பெயர் கிடைக்கும். ரிக்கெட்ஸ் கால் என்றால் எலும்பு மெத்து, இழுத்தால் முறியவும் வாய்ப்புண்டு. எண்ணெய் தேய்க்கட்டும், இழுக்க வேண்டாம்.

இன்னொருவர் ஐந்து வயது மகளுக்கு முட்டி இடிக்கிறது, கடையில் காலணிக்குள் வைக்கும் தட்டு வாங்கச் சொல்கிறார்கள் என்றார். அளந்து அனுப்பியது 5 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் சமம், வலி இல்லை. தட்டு வேண்டாம், ஆறு மாதம் கழித்து அளங்கள் என்றேன். எட்டு வயதுக்குப் பிறகும் 8 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தைச் சின்ன உலோகத் தகட்டால் தற்காலிகமாகப் பூட்டி, மறுபக்கத்தை மட்டும் வளரவிட்டு நேராக்குவார்கள். வளர்ச்சி மிச்சமிருக்கும் பிள்ளைக்குத்தான் அதைச் செய்ய முடியும், அதனால் பருவமடைந்து முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம்.